துத்தநாகம் வாங்கியதும் கொடுத்ததும்

ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் ராம்புரா அகுச்சா என்ற சுரங்கம் இருக்கிறது. அங்கே வெட்டியெடுக்கும் கருத்த தாதுவில் துத்தநாகம் உண்டு, ஆனால் அது உலோகமாக இல்லை. கந்தகத்தோடு சேர்ந்து துத்தநாக சல்பைடாக, அதாவது ZnS ஆகக் கிடக்கிறது. உலோகத் துத்தநாகத்துக்கு உரிய எலக்ட்ரான்களில் இரண்டு அதனிடம் இல்லை. அவை கந்தகத்திடம் இருக்கின்றன. பாறைக்குள் இருப்பது Zn அல்ல, Zn²⁺. அந்த இரண்டு எலக்ட்ரான்களை அது எங்கே திரும்ப வாங்குகிறது, பிறகு எங்கே கொடுக்கிறது என்று பின்தொடர்ந்து போனால், மின்வேதிக்கலப் பாடத்தில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடத்தைச் சுலபமாகத் தாண்டிவிடலாம். எது ஆனோடு, எது கேத்தோடு என்பதுதான் அந்த இடம்.

தாதுவை அரைத்துச் செறிவூட்டி, 900 டிகிரி செல்சியசுக்கு மேல் காற்றில் வறுக்கிறார்கள். கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாகப் போக, துத்தநாக ஆக்சைடு மிஞ்சுகிறது. தேர்வில் இங்கே ஒரு கேள்வி வைக்கலாம்: வறுக்கும்போது துத்தநாகம் ஆக்சிஜனேற்றம் அடைந்ததா? ஆக்சைடு என்ற பெயரைப் பார்த்ததும் பலர் ஆம் என்பார்கள். துத்தநாகம் வறுப்பதற்கு முன்பும் +2, பின்பும் +2. எலக்ட்ரான்களை இழந்தது கந்தகம். அது −2 இலிருந்து +4 ஆனது. அடுத்ததாக இந்த ஆக்சைடை நீர்த்த கந்தக அமிலத்தில் கரைக்கும்போதும் எலக்ட்ரான் கைமாறுவதில்லை. நிறமற்ற துத்தநாக சல்பேட்டுக் கரைசல் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

கரைசலில் துத்தநாகம் மட்டும் இருப்பதில்லை. தாதுவோடு வந்த தாமிரம், காட்மியம், நிக்கல், கோபால்ட் அயனிகளும் கரைந்திருக்கும். அவற்றை வெளியேற்ற ஆலைக்காரர்கள் ஏற்கெனவே தயாரித்த துத்தநாகத்தைப் பொடியாக்கி இதே கரைசலில் கொட்டுகிறார்கள். துத்தநாகப் பொடி கரைகிறது; தாமிரம் படிகிறது. பள்ளி ஆய்வகத்தில் இதைச் சிறிய அளவில் பார்த்திருப்பீர்கள். நீல நிறத் தாமிர சல்பேட்டுக் கரைசலில் துத்தநாகத் தகட்டை வைத்தால், சற்று நேரத்தில் தகட்டின் மேல் கருப்பும் பழுப்புமாகப் பஞ்சு போன்ற படிவு ஏறும். விரலால் தொட்டால் உதிரும். கரைசலின் நீலம் வெளுத்துக்கொண்டே வரும்.

நடப்பதை இரண்டு பாதியாகப் பிரித்துச் சொல்லலாம். முதல் பாதியில், தகட்டின் பரப்பில் உள்ள ஒரு துத்தநாக அணு இரண்டு எலக்ட்ரான்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டு அயனியாகிக் கரைசலுக்குள் போகிறது. இது ஆக்சிஜனேற்றம்.

Zn → Zn²⁺ + 2e⁻

இரண்டாம் பாதியில், கரைசலில் இருந்த ஒரு தாமிர அயனி அதே தகட்டைத் தொட்டு, அங்கே விடப்பட்ட இரண்டு எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டு உலோக அணுவாகி அங்கேயே ஒட்டுகிறது. இது ஒடுக்கம்.

Cu²⁺ + 2e⁻ → Cu

எலக்ட்ரானை ஏற்கும் நாட்டத்தைத் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் என்ற எண்ணால் அளக்கிறோம். தாமிரத்துக்கு அது +0.34 வோல்ட், துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட். இடைவெளி 1.10 வோல்ட். ஏற்கும் நாட்டம் அதிகமுள்ள தாமிரம் வாங்குகிறது, குறைவான துத்தநாகம் கொடுக்கிறது. கொடுப்பதும் வாங்குவதும் ஒரே தகட்டில், ஒட்டினாற்போல் நடப்பதால் எலக்ட்ரான் எங்கும் பயணம் போக வேண்டியதில்லை. அதனால் நமக்கு மின்சாரம் கிடைப்பதில்லை. கரைசல் சூடாவதோடு சரி.

1836இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜான் ஃபிரெடரிக் டேனியல் அமைத்த கலத்தில் நடப்பது இதே வினைதான். அவர் செய்தது இரண்டு பாதிகளையும் தனித்தனி இடத்தில் வைத்தது. துத்தநாகம் ஒரு பக்கம், தாமிர சல்பேட்டில் மூழ்கிய தாமிரம் மறுபக்கம், நடுவே இரண்டு கரைசலும் கலந்துவிடாமல் ஒரு தடுப்பு. இப்போது தாமிர அயனியால் துத்தநாகத்தைத் தொட முடியாது. துத்தநாகம் விட்ட எலக்ட்ரான்கள் அதனிடம் போய்ச் சேர வெளியே உள்ள கம்பி ஒன்றே வழி. அந்தக் கம்பியின் நடுவே விளக்கோ மணியோ வைத்துக்கொள்ளலாம்.

இன்றைய ஆய்வகத்தில் தடுப்புக்குப் பதிலாக உப்புப் பாலம் வைக்கிறோம். அதை ஏதோ எலக்ட்ரான் போகும் பாலம் என்று எழுதும் விடைத்தாள்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அதில் எலக்ட்ரான் ஒன்றுகூடப் போவதில்லை. துத்தநாகப் பக்கக் கரைசலில் Zn²⁺ பெருகப் பெருக அங்கே நேர்மின்சுமை கூடும். தாமிரப் பக்கத்தில் Cu²⁺ குறையக் குறைய சல்பேட் அயனிகள் துணையின்றி மிஞ்சும். இப்படியே விட்டால் இரண்டு வினையும் அப்போதே நின்றுவிடும். பாலத்தில் உள்ள எதிர் அயனிகள் துத்தநாகப் பக்கமும், பொட்டாசியம் அயனிகள் தாமிரப் பக்கமும் இறங்கிக் கணக்கைச் சரிசெய்கின்றன. பாலத்தைத் தூக்கிவிட்டால் அம்மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு இறங்கும். கம்பி, தகடு, கரைசல் எல்லாம் அப்படியே இருந்தாலும் ஓட்டம் இருக்காது.

ஆலைக்குத் திரும்புவோம். தாமிரம் எளிதாகப் போய்விடுகிறது. கோபால்ட் அப்படியில்லை. அதன் ஒடுக்க மின்னழுத்தம் −0.28 வோல்ட்; துத்தநாகத்தைவிட மேலேதான் இருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்தால் தாமிரம் போலவே படிய வேண்டும். ஆனால் வினை மிக மெதுவாக நடப்பதால் கரைசலைச் சூடாக்கி, ஆன்டிமனி போன்ற ஊக்கிகளையும் சேர்த்தால்தான் இறங்குகிறது. மின்னழுத்த அட்டவணை ஒரு வினை நடக்க வாய்ப்பு உண்டா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு வேகத்தில் என்று சொல்லாது. அடுத்த கட்டம் முழுக்க இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

தூய்மையான துத்தநாக சல்பேட்டுக் கரைசல் இப்போது மின்பகுப்புக் கூடத்துக்கு வருகிறது. நீண்ட தொட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் அலுமினியத் தகடுகளும் ஈயத் தகடுகளும் மாறி மாறித் தொங்கும். ஈயத்தில் சிறிதளவு வெள்ளி கலந்திருக்கும். வெளியே உள்ள ரெக்டிஃபையர் ஈயத் தகட்டிலிருந்து எலக்ட்ரான்களை உறிஞ்சி அலுமினியத் தகட்டுக்குள் தள்ளுகிறது. பாறையில் எலக்ட்ரான் இழந்து கிடந்த துத்தநாகம் அவற்றைத் திரும்ப வாங்கும் இடம் இதுதான்.

அலுமினியத் தகட்டின் முன்னால் வரும் துத்தநாக அயனி இரண்டு எலக்ட்ரான்களை வாங்கி உலோகமாகிப் படிகிறது.

Zn²⁺ + 2e⁻ → Zn

ஈயத் தகட்டின் பக்கம் சல்பேட் அயனி நெருங்கினாலும் அதனிடமிருந்து எலக்ட்ரானைப் பறிப்பது கடினம். அதிலுள்ள கந்தகம் ஏற்கெனவே +6 நிலையில் இருக்கிறது. ஈயமும் தன் மேல் பழுப்பு நிற ஈய டை ஆக்சைடுப் படலம் ஒன்றை வளர்த்துக்கொண்டு ஒதுங்கிக்கொள்கிறது. எனவே தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. இரண்டு நீர் மூலக்கூறுகள் நான்கு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு ஓர் ஆக்சிஜன் மூலக்கூறாகவும் நான்கு ஹைட்ரஜன் அயனிகளாகவும் பிரிகின்றன.

2H₂O → O₂ + 4H⁺ + 4e⁻

ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு குமிழியாகப் போகும் நேரத்தில் எதிர்ப்பக்கம் இரண்டு துத்தநாக அணுக்கள் படிந்திருக்கும். இங்கே விடப்பட்ட H⁺ அயனிகளால் கரைசல் மறுபடி கந்தக அமிலமாகிறது. அந்த அமிலத்தையே திருப்பி அனுப்பிப் புதிய ஆக்சைடைக் கரைக்கிறார்கள். ஆக்சிஜன் குமிழிகள் மேலே வந்து உடையும்போது அமிலத் துளிகளும் தெறித்துப் புகையாகப் பரவும். அங்கே வேலை செய்பவர்களின் தொண்டைக்கு இந்த அரைவினை நன்றாகத் தெரியும்.

கவனமான மாணவர் இங்கே கையைத் தூக்குவார்: தொட்டியில் அமிலம் இவ்வளவு இருக்கும்போது அலுமினியத் தகட்டில் ஏன் ஹைட்ரஜன் வெளிவரவில்லை? H⁺ அயனியின் ஒடுக்க மின்னழுத்தம் 0.00, துத்தநாகத்துடையது −0.76. அட்டவணைப்படி ஹைட்ரஜனுக்கே முன்னுரிமை. சரியான கேள்விதான். துத்தநாகப் பரப்பின் மேல் H⁺ அயனிகள் எலக்ட்ரான் வாங்கி H₂ ஆகச் சேரும் வினை மிகவும் மந்தமானது. அதை வேகப்படுத்த மின்னழுத்தத்தை இன்னும் நிறையக் கீழே இறக்க வேண்டும். இந்தக் கூடுதல் தேவைக்கு மிகை மின்னழுத்தம் என்று பெயர். ஹைட்ரஜன் தயங்கி நிற்பதற்குள் துத்தநாகம் படிந்துவிடுகிறது. உலகின் பெரும்பகுதித் துத்தநாகம் இந்தத் தயக்கத்தை நம்பித்தான் தயாராகிறது.

கோபால்ட்டுக்கு ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பதும் இப்போது விளங்கும். தப்பி வந்த கோபால்ட் ஒரு புள்ளியாகத் தகட்டில் படிந்தால், அதன் மேல் ஹைட்ரஜன் எளிதாக உருவாகும். அந்தப் புள்ளி கேத்தோடு, சுற்றியுள்ள துத்தநாகம் ஆனோடு என்று கம்பியில்லாத குட்டிக் கலம் ஒன்று அமைந்துவிடும். பணம் செலவழித்துப் படியவைத்த துத்தநாகம் மறுபடி கரையத் தொடங்கும். தகட்டை உரித்தெடுக்கும்போது அதில் ஓட்டைகள் தெரிந்தால், எடையும் கணக்குக்குக் குறைந்தால், கரைசலைச் சுத்தம் செய்ததில் எங்கோ கோளாறு என்று அர்த்தம்.

கணக்கில் தேவையான மின்னழுத்தம் 1.23 உடன் 0.76 சேர்த்து 1.99 வோல்ட். நடைமுறையில் ஒரு தொட்டிக்குச் சுமார் 3.4 வோல்ட் தேவைப்படுகிறது. ஆக்சிஜன் வெளிவருவதற்கான மிகை மின்னழுத்தமும் கரைசலின் தடையும் மீதியை விழுங்கிவிடுகின்றன. ஒரு டன் துத்தநாகத்துக்கு 3,000 யூனிட்டுக்குக் குறையாமல் மின்சாரம் செலவாகிறது. உதய்ப்பூர் பக்கத்து ஜாவரில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மின்சாரம் இல்லாமல் துத்தநாகம் எடுத்தார்கள். களிமண் குடுவைகளில் கரியோடு சூடாக்கி, ஆவியாக வரும் உலோகத்தைக் குளிரவைத்துப் பிடித்தார்கள். அங்கே எலக்ட்ரான் கொடுத்தது கரி.

ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை அலுமினியத்திலிருந்து துத்தநாகத்தை உரித்தெடுத்து, உருக்கி வார்க்கிறார்கள். அதில் ஒரு பகுதி சிறு வில்லைகளாகி, அழுத்த இயந்திரத்தின் ஒரே குத்தில் குவளையாக நீண்டு, டார்ச்சுக்குப் போடும் பேட்டரி கட்டையின் உடம்பாகிறது.

சாதாரண கார்பன்–துத்தநாக வகைக் கட்டை ஒன்றை ஆசிரியர் முன்னிலையில் குறுக்கே அறுத்துப் பார்க்கலாம். ஆல்கலைன், லித்தியம் வகைகளை அறுக்கவே கூடாது. வெளியே துத்தநாகக் குவளை. அதன் உட்சுவரை ஒட்டிப் பசை பூசிய தாள். உள்ளே ஈரமான கருப்புக் கலவை: மாங்கனீசு டை ஆக்சைடும் கார்பன் தூளும், அவற்றில் ஊறிய அம்மோனியம் குளோரைடு, துத்தநாக குளோரைடுக் கரைசலும். நட்டநடுவில் கார்பன் தண்டு. பிரான்சின் ஜார்ஜ் லெக்லாஞ்சே 1866இல் கண்ணாடிச் சாடியில் அமைத்த ஈரக் கலத்தின் வழிவந்தது இது.

டார்ச்சைப் போட்டதும் குவளைச் சுவரின் துத்தநாகம், ஆலைத் தொட்டியில் வாங்கிய இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டு அயனியாகி ஈரப்பசைக்குள் இறங்குகிறது. எழுதும் சமன்பாடு டேனியல் கலத்தில் எழுதியதேதான். எலக்ட்ரான்கள் பல்பு வழியாகப் போய்க் கார்பன் தண்டில் இறங்குகின்றன. தண்டு அவற்றை வைத்துக்கொள்வதில்லை, வினையிலும் சேர்வதில்லை. கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்தது. வாங்குவது சுற்றியுள்ள மாங்கனீசு டை ஆக்சைடு. ஒரு மாங்கனீசு ஒரே ஓர் எலக்ட்ரானை வாங்கி +4 இலிருந்து +3 ஆகிறது. அருகிலுள்ள அம்மோனியம் அயனி ஒரு புரோட்டானைக் கொடுத்துவிட்டு அம்மோனியாவாகிறது.

MnO₂ + NH₄⁺ + e⁻ → MnO(OH) + NH₃

சில பாடநூல்கள் இதையே அம்மோனியம் அயனி முதலில் ஹைட்ரஜன் தருவதாகவும், அந்த ஹைட்ரஜனை மாங்கனீசு டை ஆக்சைடு உண்டு Mn₂O₃ ஆவதாகவும் இரண்டு படியில் எழுதுகின்றன. இரண்டு MnO(OH) இலிருந்து ஒரு நீர் மூலக்கூறைக் கழித்தால் வருவது Mn₂O₃. ஆகவே எலக்ட்ரான் கணக்கு மாறாது. தேர்வில் உங்கள் பாடநூலில் உள்ளபடி எழுதிவிட்டுப் போவது புத்திசாலித்தனம். வெளிவரும் அம்மோனியா வாயுவாகச் சேர்ந்து கட்டையை உடைக்காமல் இருப்பதற்கும் துத்தநாகமே காரணம். Zn²⁺ அயனி அம்மோனியாவைத் தன்னோடு பிணைத்து அணைவுச் சேர்மமாக்கிக்கொள்கிறது.

இப்போது தொட்டியையும் கட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொட்டியில் துத்தநாகம் படிந்த தகடு எதிர்க்குறி முனை. கட்டையில் துத்தநாகக் குவளையும் எதிர்க்குறி முனை. அடிப்பாகத்தில் கழித்தல் குறி போட்டே விற்கிறார்கள். குறி மாறவில்லை, பெயர் மாறிவிட்டது. தொட்டியில் வெளி மின்மூலம் எலக்ட்ரானைத் தள்ளுவதால் தகடு எதிர்க்குறி பெற்றது. அங்கே துத்தநாக அயனி எலக்ட்ரானை வாங்கியது, ஒடுக்கம் நடந்தது, ஆகவே கேத்தோடு. கட்டையில் துத்தநாகமே எலக்ட்ரானை விட்டுவைப்பதால் குவளை எதிர்க்குறி பெற்றது. இங்கே அது கொடுத்தது, ஆக்சிஜனேற்றம் நடந்தது, ஆகவே ஆனோடு. கூட்டல், கழித்தல் குறியை வைத்துப் பெயர் சூட்ட முயல்பவர்கள் ஏதாவது ஒரு கலத்தில் வழுக்கியே தீருவார்கள். எலக்ட்ரான் வினைபடும் பொருளிலிருந்து மின்முனைக்குள் வருகிறதா, மின்முனையிலிருந்து வினைபடும் பொருளுக்குப் போகிறதா என்று கேட்டால் போதும்.

ஒரு கணக்கும் போட்டுவிடலாம். டார்ச் 0.3 ஆம்பியர் இழுத்து மூன்று மணி நேரம் எரிகிறது என்று கொள்வோம். மூன்று மணி நேரம் என்பது 10,800 நொடி. மின்சுமை 0.3 × 10,800, அதாவது 3,240 கூலும். இதை 96,500 ஆல் வகுத்தால் 0.0336 மோல் எலக்ட்ரான். ஒரு துத்தநாக அணு இரண்டு எலக்ட்ரான் கொடுப்பதால் கரைந்த துத்தநாகம் இதில் பாதி, 0.0168 மோல். 65.4 ஆல் பெருக்கினால் சுமார் 1.1 கிராம். மாங்கனீசு டை ஆக்சைடு ஓர் எலக்ட்ரான்தான் வாங்குவதால் அது முழு 0.0336 மோல் செலவாகும்; 87 ஆல் பெருக்க, சுமார் 2.9 கிராம். கட்டையின் உள்ளே கருப்புக் கலவை ஏன் அத்தனை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே 1.1 கிராம் துத்தநாகத்தைத் தொட்டியில் படியவைக்கவும் இதே 3,240 கூலும்தான் கணக்கு. ஆனால் அங்கே அதைத் தள்ளிய அழுத்தம் 3.4 வோல்ட், செலவு சுமார் 11,000 ஜூல். டார்ச்சில் திரும்ப வரும்போது அழுத்தம் 1.5 வோல்ட்டில் தொடங்கி இறங்கிக்கொண்டே போகும். சராசரியாக 1.2 என்று வைத்தால் கிடைப்பது 3,900 ஜூல், போட்டதில் மூன்றில் ஒரு பங்கு. எலக்ட்ரான் எண்ணிக்கையில் நட்டமில்லை, அழுத்தத்தில்தான் நட்டம்.

மங்கிப்போன கட்டையை எடுத்து வைத்துவிட்டு மறுநாள் போட்டால் கொஞ்ச நேரம் நன்றாக எரியும். வேகமாக மின்சாரம் எடுக்கும்போது மாங்கனீசு டை ஆக்சைடுத் துகள்களின் மேற்பரப்பு முதலில் செலவாகிவிடும். ஓய்வில் இருக்கையில் மேற்பரப்பில் சேர்ந்த புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் துகளின் உட்பக்கம் பரவ, வெளிப்பரப்பு ஓரளவு மீள்கிறது. துத்தநாகமோ மாங்கனீசோ புதிதாக உண்டாவதில்லை.

டார்ச்சை அணைத்தே வைத்திருந்தாலும் கட்டை வீணாவதற்குக் காரணம் தொட்டியில் கண்ட அதே குட்டிக் கலம். துத்தநாகச் சுவரில் இரும்பு, நிக்கல் போன்ற மாசு ஒரு புள்ளி இருந்தால் அதன் மேல் ஹைட்ரஜன் வெளிவரும். பக்கத்துத் துத்தநாகம் யாருக்கும் பயனில்லாமல் கரையும். ஒரு காலத்தில் இதைத் தடுக்கப் பாதரசம் பூசினார்கள். பாதரசத்தின் மேல் ஹைட்ரஜன் இன்னும் அதிகமாகத் தயங்கும். அதன் நச்சுத்தன்மை காரணமாகப் பல நாடுகள் அதைத் தடை செய்தபின், துத்தநாகத்தின் தூய்மையைக் கூட்டியும் வேறு தடுப்பான்களைச் சேர்த்தும் சமாளிக்கிறார்கள்.

இந்தக் கலத்தில் பாத்திரமே வினைபடுபொருள். தீரத் தீரச் சுவர் மெலிந்து கடைசியில் ஓட்டை விழும். உள்ளே சேர்ந்த ஹைட்ரஜன் அழுத்த, துத்தநாக குளோரைடு கலந்த லேசான அமிலக் கரைசல் வெளியே கசிந்து டார்ச்சின் ஸ்பிரிங்கை அரிக்கும். சார்ஜரில் போட்டு மீட்டுவிடலாம் என்று சிலர் முயல்வதுண்டு. Zn²⁺ அயனிகள் இந்நேரம் அம்மோனியாவோடும் குளோரைடோடும் பிணைந்து பசை முழுக்கப் பரவியிருக்கும். வெளியிலிருந்து எலக்ட்ரானைத் தள்ளினாலும் அவை பழைய சுவராக எழும்பி நிற்காது. வாயு சேர்ந்து கட்டை வெடிக்க வாய்ப்பு உண்டு. கசிந்த கட்டையைக் கையுறையோடு எடுத்துவிட்டு, ஸ்பிரிங்கை ஈரத் துணியால் துடைத்து நன்கு உலர்த்திய பிறகே புதியதைப் போட வேண்டும். மாதக்கணக்கில் பயன்படுத்தாத டார்ச், ரிமோட், கடிகாரம் எதுவானாலும் கட்டையைக் கழற்றி வைப்பது நல்லது.